வட்டி வீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்



சென்ற தைப்பூசத்துக்கு மறுநாள், தண்ணீர்மலை அடிவாரத்தில் ஓர் அம்மா என்னைச் சந்தித்தார். செபெராங் பிறையில் ஒரு தோட்டத்தில் கணவர், மனைவி இருவரும் வேலை செய்கிறார்கள். மகனுக்கு மூன்று வருடப் படிப்பு. 20,000 வெள்ளி கடன் கொடுப்பதாக இரண்டு இடங்களிலிருந்து ஒப்புதல் கடிதங்கள் வந்திருந்தன.

“ஐயா, ஒன்றில் நாலு வட்டி, மற்றதில் ஆறு வட்டி. நாலுதானே லாபம்?” என்று கேட்டார்.

“அக்கா, அதை இப்போதே சொல்ல முடியாது. இரண்டையும் முழுதாகப் படிப்போம்” என்றேன். படிக்கட்டின் ஓரமாக உட்கார்ந்து, பென்சிலை எடுத்துக்கொண்டோம்.

முதல் கடிதத்தில் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் ‘ஃபிளாட் ரேட்’ என்று இருந்தது. நீங்கள் எவ்வளவு கட்டிக் கழித்தாலும், வட்டி முழு 20,000-க்கும் போடப்படும் என்பது இதன் பொருள். வருடத்துக்கு 800 வெள்ளி, ஐந்து வருடத்துக்கு 4,000. மொத்தம் 24,000, மாதத் தவணை 400. கடைசி வருடம் பிறக்கும்போது அசலில் 4,000 வெள்ளிதான் பாக்கி இருக்கும். அப்போதும் அந்த வருட வட்டி 800தான்!

இரண்டாவது கடிதத்தில் 6 சதவீதம், ‘ரெடியூசிங் பேலன்ஸ்’. அதாவது, மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. அதே 20,000-ஐ அதே ஐந்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 387 வெள்ளி. மொத்த வட்டி சுமார் 3,200. ஆக, ஆறு வட்டி நாலு வட்டியைவிட 800 வெள்ளி குறைவு. அந்த அம்மா நம்பவில்லை. நானே இரண்டு தடவை கூட்டிக் காட்டினேன்.

அடுத்தது செயல்முறைக் கட்டணம். முதலாவதில் 200, இரண்டாவதில் 300. தொகை சிறியதுதான். ஆனால் அதைக் கடனிலிருந்தே பிடித்துக்கொள்வதாக எழுதியிருந்தது. அப்படியானால் கையில் வருவது 19,800 அல்லது 19,700. வட்டியோ முழு 20,000-க்கு. கல்லூரிக் கட்டணத்தில் விழும் துண்டை நீங்கள்தான் ரொக்கமாகக் கட்ட வேண்டும். பதிவு நாளன்று இது தெரிந்தால் கைபிசைந்து நிற்க நேரும்.

மூன்றாவதுதான் முக்கியம்: தவணை எப்போது தொடங்குகிறது? முதல் கடனில் பணம் கொடுத்த மறுமாதமே 400 கட்ட வேண்டும். மகன் படிக்கும் 36 மாதங்களில் மட்டும் 14,400 வெள்ளி பெற்றோர் சம்பளத்திலிருந்து போகும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு சம்பளக் குடும்பத்துக்கு இது ஏறக்குறைய கால்வாசி.

இரண்டாவது கடனில் படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துக் கட்டினால் போதும். கேட்க இனிமையாக இருக்கிறதல்லவா? அந்த 42 மாதங்களுக்கு வட்டி ஓடுமா, ஓடாதா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. “எழுத்தில் பதில் வாங்குங்கள்” என்று அனுப்பினேன்.

பதில் வந்தது: வட்டி ஓடும், கட்டாவிட்டால் அசலோடு சேரும். மாதம் 100 வீதம் 4,200 வெள்ளி சேர்ந்து, கடன் 24,200 ஆகிறது. அதன் பிறகு தவணை 468. மொத்த வட்டி சுமார் 8,070. கட்டணத்தோடு 8,370. முதல் கடனுக்கோ வட்டியும் கட்டணமும் சேர்த்து 4,200தான். வட்டி ஓடாது என்று பதில் வந்திருந்தால் இரண்டாவது கடனுக்கு 3,500-க்குள் முடிந்திருக்கும். அந்த ஒரு வரியின் விலை ஏறக்குறைய 4,900 வெள்ளி!

படிக்கும் காலத்தில் அந்த 100 வெள்ளியை மாதந்தோறும் கட்டினால் சுமார் 670 வெள்ளி மிஞ்சும். ஆனாலும் முதல் கடன்தான் மலிவு. இரு சம்பளம் வருவதால் 400 கட்ட முடியும் என்று கணவரும் மனைவியும் கணக்குப் பார்த்தார்கள். ஒரே சம்பளமாக இருந்தால், மலிவான அந்தக் கடனிலேயே தவணை தவறி, அபராதம் ஏறியிருக்கும்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் இன்னொன்றையும் பார்க்கச் சொன்னேன். 1997-இல் அரசாங்கம் அமைத்த பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனுக்கு வருடக் கட்டணம் 1 சதவீதம். 20,000 வெள்ளியைப் பத்து வருடத்தில் கட்டினாலும் 2,000தான் கூடும். படிப்பு முடிந்து 12 மாதம் கழித்தே தவணை. மகனின் படிப்பு அதற்குத் தகுதியானதா என்று கல்லூரியில் விசாரித்தார்கள். தகுதி இருந்தது. இரண்டு கடிதங்களும் இப்போது அவர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன.

உங்கள் வீட்டுக்கும் இப்படி இரண்டு கடிதங்கள் வந்தால், ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். வட்டி எந்த அசலுக்கு, கையில் வருவது எவ்வளவு, முதல் தவணை எந்த மாதம், காத்திருக்கும் காலத்துக்கு வட்டி உண்டா என்று இருபக்கமும் எழுதுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால், அது நிரம்பும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.