ராசிக்கு அதிபதி ஒருவரா, இருவரா?

கும்ப ராசிக்கு அதிபதி சனி பகவான் என்று நாம் அறிவோம். ஆனால் மேலைநாட்டு ஜோதிட நூலொன்றைப் புரட்டினால் அங்கே யுரேனஸ் என்று கண்டிருக்கும். மீனத்துக்குக் குருவின் இடத்தில் நெப்டியூனும், விருச்சிகத்துக்குச் செவ்வாயின் இடத்தில் புளூட்டோவும் அமர்ந்திருப்பர். இந்த மாற்றம் எப்படி வந்தது, அதனை அந்நாட்டு ஜோதிடர் எல்லோரும் ஏற்றனரா என்பதை இவ்வாரம் காண்போம்.

ஆதியில் அவர்கள் முறையும் நம் முறையும் ஒன்றே. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டாலமி என்னும் அறிஞர் அதன் காரணத்தை எழுதி வைத்துள்ளார். சிம்மம் சூரியனுக்கு, கடகம் சந்திரனுக்கு. அவ்விரண்டுக்கும் இருபுறத்திலும் உள்ள கன்னியும் மிதுனமும் புதனுக்கு; அடுத்த துலாமும் ரிஷபமும் சுக்கிரனுக்கு; பின்னர் விருச்சிகமும் மேஷமும் செவ்வாய்க்கு; தனுசும் மீனமும் குருவுக்கு; ஒளிக்கோள்களுக்கு எதிரே நிற்கும் மகரமும் கும்பமும் சனிக்கு. கிரகத்தின் வேகம் குறையக் குறைய அதன் வீடு ஒளிக்கோள்களை விட்டு விலகிச் செல்வதே இந்த ஏற்பாடு.

1781இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியால் யுரேனஸைக் கண்டார். 1846இல் பெர்லின் வானாய்வு நிலையத்தில் நெப்டியூனும், 1930இல் அமெரிக்காவின் அரிசோனாவில் புளூட்டோவும் கண்டறியப்பட்டன. புதியவற்றுக்கும் வீடு வேண்டுமே என்று ஜோதிடர் எண்ணினர். மகரத்தைச் சனிக்கே விட்டு, கும்பத்தை யுரேனஸுக்கும் மீனத்தை நெப்டியூனுக்கும் அளித்தனர். அந்த வரிசைப்படி புளூட்டோவுக்கு மேஷமே வந்திருக்க வேண்டும்; அவ்வாறு வாதிட்டோரும் உண்டு. ஆயினும் புளூட்டோ என்பது பாதாள உலகத் தெய்வத்தின் பெயர். மரணத்தோடும் மறைபொருளோடும் தொடர்புடைய விருச்சிகமே பொருந்தும் என்னும் கருத்து நிலைத்தது. வரிசை அங்கே முறிந்தது.

இதனால் விளையும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். யுரேனஸ் ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறத்தாழ 84 ஆண்டுகளும், நெப்டியூன் 165 ஆண்டுகளும், புளூட்டோ 248 ஆண்டுகளும் ஆகின்றன. மேலைநாட்டார் கைக்கொள்ளும் சாயனக் கணக்கின்படி 1940 முதல் 1955 வரை புளூட்டோ சிம்மத்திலேயே இருந்தது. இக்காலத்தில் விருச்சிக லக்னத்தில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். லக்னாதிபதி புளூட்டோ என்றால், அது விருச்சிகத்துக்குப் பத்தாம் வீடான சிம்மத்தில் நிற்கும். ஆனால் அப்பதினாறு ஆண்டுகளில் அந்த லக்னத்தில் பிறந்த அனைவருக்கும் இதுவே நிலை! அரசனுக்கும் ஆண்டிக்கும் லக்னாதிபதி பத்தில். தனி மனிதரின் ஜாதகத்தை வேறுபடுத்திக் காட்ட இது எவ்வாறு உதவும்? செவ்வாயோ இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் சக்கரத்தைச் சுற்றிவிடுகிறது. ஆகவே செவ்வாயை அதிபதியாகக் கொண்டால் ஒருவருக்கு அது பத்தில் இருக்கும், சில மாதம் பிந்திப் பிறந்தவருக்குப் பதினொன்றில் இருக்கும். பலன் பிரிகின்றது.

இக்காரணத்தால் மேலைநாட்டு ஜோதிடர் இன்று மூன்று வழிகளில் நிற்கின்றனர். முதல் வகையினர் புதிய அதிபதிகளையே முழுதும் ஏற்று, மனத்தின் ஆழ்ந்த இயல்புகளை அவற்றால் விளக்குவர். இரண்டாம் வகையினர் பழைய அதிபதியை முதலில் வைத்து, புதியதைத் துணை அதிபதியாகக் கொள்வர். மூன்றாம் வகையினர் பழைய நெறிக்கே திரும்பியவர்கள். அவர்கள் கண்ணுக்குப் புலப்படும் ஏழு கோள்களுக்கே வீடு தருவர். புதிய மூன்றையும் தள்ளிவிடாமல், லக்னத்தோடோ சூரிய சந்திரரோடோ மிக நெருங்கிச் சேரும்போது மட்டும் நோக்குவர். தலைமுறைகளுக்கும் நாடுகளுக்கும் உரிய பலனை அவற்றிடம் தேடுவாரும் உண்டு. 2006இல் வானியலார் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தினர். எனினும் அதனைப் பயன்படுத்திவந்த ஜோதிடர் பலர் கைவிடவில்லை.

இரண்டாம் வழியைக் கேட்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. நம் ஜைமினி மரபிலும் விருச்சிகத்துக்குச் செவ்வாயோடு கேதுவும், கும்பத்துக்குச் சனியோடு ராகுவும் உடன் அதிபதிகளாகக் கொள்ளப்படுவது உண்டு. இருவரில் வலியவர் எவரென ஆராய்ந்தே பலன் சொல்வர். ராசிக்கு இரு நாதர் என்பது புதுமையன்று. பழையவரை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்துவது அங்கே முதல் வகையினரின் வழக்காய் நிற்கிறது.

ஆகவே வெளிநாட்டில் வாழும் பேரப்பிள்ளைகள் கும்பத்துக்கு அதிபதி யுரேனஸ் என்று சொன்னால், அதைப் பிழையென்று கடிய வேண்டாம். நம் வழக்கு பொய்த்ததென்று கலங்கவும் வேண்டாம். அவர்கள் படித்தது முதல் வழியினரின் நூல் என்று அறிந்தால் போதும். அவர்கள் நாட்டிலேயே சனியைக் கும்பத்தின் நாதனாகக் கொண்டு ஜாதகம் கணிப்போரும் இன்று இருக்கின்றனர்.