ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லி ஒரு மாணவரை இழிவுபடுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அச்சிட்டு, புகார் மனுவுடன் கொடுக்கிறார். வழக்கு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு சொல்லும் முதல் பதில், "நான் எழுதவில்லை, படத்தைத் திருத்திவிட்டார்கள்" என்பதுதான்.

இந்தப் பதில் எடுபடக் காரணம் இருக்கிறது. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கக் கணினி அறிவுகூட வேண்டாம். நண்பரின் எண்ணை இன்னொருவர் பெயரில் செல்போனில் சேமித்துவிட்டு, அந்த நண்பரை ஒரு செய்தி அனுப்பச் சொன்னால் போதும். அந்த இன்னொருவரே எழுதியதுபோலத் திரையில் தெரியும். படத்தில் இருப்பது பெயர் மட்டுமே. எந்த எண்ணிலிருந்து வந்தது, முன்னும் பின்னும் என்ன பேசப்பட்டது என்பதை அது சொல்லாது.

அதற்காக ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் என்பதல்ல. அனுப்பியவர் செய்தியை அழித்துவிடலாம் என்பதால் உடனே எடுத்துவிட வேண்டும். அடுத்து, அனுப்பியவரின் பெயரைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும், உரையாடலை மேலும் கீழும் நகர்த்துவதையும் ஒரே வீடியோவாகத் திரைப்பதிவு செய்யலாம். அதே செய்தி குழுவில் உள்ள மற்றவர்களின் செல்போன்களிலும் இருக்கும். அவர்களில் ஓரிருவர் சாட்சி சொன்னால், திருத்தியதாகச் சொல்லும் வாதம் வலுவிழக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் அந்தச் செல்போன்தான். கோபத்தில் குழுவை அழிப்பதும், செல்போனை விற்பதும், ரீசெட் செய்வதும் நம் ஆதாரத்தை நாமே அழிப்பதாகும். செல்போனின் உரிமையாளரே அதை நீதிமன்றத்தில் ஒப்படைத்துச் சாட்சி சொன்னால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்று, பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது. அச்சுப் பிரதியோ பென் டிரைவோ கொடுத்தால் சான்றிதழ் அவசியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு இதைச் சொல்கிறது. சான்றிதழின் ஒரு பகுதியில் ஆதாரத்தைத் தருபவரும், மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். செல்போனைக் காவல்துறையிடம் ஒப்படைத்தால், அதன் ஐஎம்இஐ எண்ணைக் குறிப்பிட்டு ஒப்புகை வாங்குவது நல்லது.

இதில் காவல்துறையின் கடமையும் உண்டு. "சான்றிதழோடு வா" என்று புகார்தாரரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவது விசாரணை அதிகாரியின் வேலை, மாணவரின் வேலையல்ல. புகார் தர ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். தண்டனை வரை கொண்டுசெல்ல, அந்தச் செல்போனும் சாட்சிகளும் வேண்டும்.