மூன்று வீடுகளும் ஒரு தாளும்



என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி சென்ற மாதம் தன் கணவரோடு வந்திருந்தாள். கம்பளையைச் சேர்ந்தவள். ஹட்டனில் உள்ள ஒரு பாடசாலைக்கு ஆசிரியையாக மாற்றம் கிடைத்திருக்கிறது. கணவருக்கும் ஹட்டன் நகரிலேயே ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. வாடகைக்கு மூன்று வீடுகளைப் பார்த்துவிட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு ஒரு தாள் தயாரித்திருந்தாள். வாடகை, முற்பணம், போக்குவரத்து, வசதி, வீட்டுக்காரர் என்று ஐந்து கட்டங்கள்.

"ஹஸரத், திக்கோயா வீடுதான் மலிவு. அதையே எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஹட்டன் நகரில் கடைக்கு மேலே உள்ள மாடி வீடு 38,000 ரூபாய். திக்கோயாவில் 22,000. கொட்டகலையில் 25,000. வாடகையை மட்டும் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். ஆனால் போக்குவரத்துக் கட்டத்தில் "பஸ் உண்டு" என்றும், வசதிக் கட்டத்தில் "கரண்ட், தண்ணீர் உண்டு" என்றும் எழுதியிருந்தாள். உண்டு, இல்லை என்று எழுதினால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. "மகள், எல்லாவற்றையும் மாதத்துக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றி எழுதுங்கள்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள்.

திக்கோயா வீட்டிலிருந்து இருவரும் தினமும் ஹட்டன் வர வேண்டும். ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தால், போக வர, 22 நாளைக்கு, இருவருக்கும் 4,400. வீடு பிரதான வீதியிலிருந்து மேட்டில் உள்ளே இருக்கிறது. நம் பக்கத்து மழை தெரியும்தானே, தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் குடை எதற்கும் உதவாது. மாதம் எட்டு நாளாவது ஆட்டோ பிடிக்க வேண்டும், தடவைக்கு 600. அது 4,800. மின்சாரத்துக்கு 2,500 சேர்த்தால் மொத்தம் 33,700. கொட்டகலை வீடு நுவரெலியா வீதியோரத்தில் இருப்பதால் பஸ் செலவு 4,400, ஆட்டோ மூன்று நாளைக்கு 2,100. மின்சாரமும் தண்ணீரும் 3,500. மொத்தம் 35,000. நகர வீட்டுக்குப் பயணச் செலவே இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் 5,000 தனியாகக் கேட்கிறார். மொத்தம் 43,000. ஆகவே திக்கோயாவுக்கும் கொட்டகலைக்கும் இருந்த மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் 1,300 ஆகச் சுருங்கிவிட்டது.

அந்த ஐயாயிரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மாடிக்குத் தனி மீற்றர் இல்லை, கீழே உள்ள கடையின் மீற்றரில்தான் ஓடுகிறது. நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு அலகு கூடக்கூட அலகின் விலையும் படிப்படியாகக் கூடும். இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் இருந்தால், தனித்தனியே 80 அலகும் 120 அலகும் எரித்தவர்கள் சேர்ந்து 200 அலகு எரித்தவராகி, 180க்கு மேற்பட்ட மிக உயர்ந்த படிக்குப் போய்விடுவார்கள். கடை மீற்றர் என்றால் கட்டண வகையே வேறு. கொஞ்சமாக எரிக்கும் குடும்பத்துக்கு அது நட்டம். வீடு பார்க்கப் போகும்போது கடைசி மாத மின்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வகையும் அலகும் அதிலேயே இருக்கும்.

அடுத்தது முற்பணம். நகர வீட்டுக்கு ஆறு மாதம், திக்கோயாவுக்கு மூன்று மாதம், கொட்டகலைக்கு ஒரு வருடம், அதாவது மூன்று இலட்சம். கடைசியைப் பார்த்துத்தான் பிள்ளை பயந்திருந்தாள். தொகையை விட அது எப்படித் திரும்பும் என்பதுதான் முக்கியம். கொட்டகலையில் மாதம் பாதி வாடகை, 12,500, முற்பணத்தில் கழியும். பத்து மாதத்தில் இடமாற்றம் வந்தால் 1,25,000 கழிந்திருக்கும். மீதி 1,75,000 திரும்பி வர வேண்டும். எத்தனை நாளுக்குள் வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தனக்குட்பட்ட வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது என்றது. ஆனால் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புதிதாக விடப்படும் குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. ஆகவே ஒப்பந்தம்தான் உங்களுக்குக் காவல்.

அந்த ஒப்பந்தத்தையும் பலர் கடையில் விற்கும் படிவத்தில் நிரப்பிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்கிறார்கள். 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் உள்ள சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் படிவத்தில் இரண்டு வருடம் என்று இருந்தாலும், நீங்கள் மாத வாடகைக்காரர்தான்.

வீட்டுக்காரர் கட்டத்தில் மூவருக்கும் "நல்லவர்" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடகைக்கு விட வந்தவர் முதல் நாளில் கெட்டவராகத் தெரிவாரா? "என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார் என்று எழுதுங்கள்" என்று சொல்லி, திரும்பவும் போய் மூன்று கேள்வி கேட்டு வரச் சொன்னேன். மாதாமாதம் பற்றுச்சீட்டு தருவீர்களா? கூரை ஒழுகினால் யார் செலவு? முன்பிருந்தவர் ஏன் போனார்?

திக்கோயா வீட்டுக்காரர் நம்மவர். "நாமெல்லாம் முஸ்லிம்கள், நமக்குள் எழுத்து எதற்கு?" என்று சொன்னாராம். குர்ஆனில் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் என்பதை அவருக்கு நினைவூட்டலாம். நகர வீட்டுக்காரர் முன்பிருந்தவரைப் பற்றிய கேள்விக்குப் பேச்சை மாற்றிவிட்டார். பக்கத்துக் கடையில் விசாரித்தபோது, முற்பணத்துக்காக அந்தக் குடும்பம் நான்கு மாதம் அலைந்த கதை வெளிவந்தது. கொட்டகலையில் வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை, தமிழ் அம்மா ஒருவர். பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டியதோடு, "பின் அறைச் சுவர் ஜூலையில் ஈரம் கசியும், அலுமாரியை அதில் சாய்க்காதீங்க பிள்ளை" என்று தானாகவே சொல்லியிருக்கிறார்.

ஈரம் மலையகத்தில் சிறிய விஷயமல்ல. மண்மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருந்தால் வருடம் முழுவதும் பூஞ்சணம் பிடிக்கும், சிறுபிள்ளைகளுக்கு இழுப்பு வரும். ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ற் இருந்தால் சந்தேகப்படுங்கள். அலுமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். துணி காயவைக்கக் கூரையோடு ஓர் இடம் உண்டா என்பதைப் பெண்கள்தான் பார்க்க வேண்டும், ஆண்களுக்கு அது கண்ணில் படாது. வீட்டின் பின்னால் உள்ள மேட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நம் மாவட்டத்தில் மண் சரிந்த கோலத்தைக் கண்டோமே. மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வீட்டுக்கு வாடகைக் கணக்குப் போடவே வேண்டாம்.

திக்கோயா வீட்டுத் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது. பெப்ரவரி, மார்ச்சில் அது நூல்போல ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார். அதையும் கட்டத்தில் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் கொட்டகலை அம்மாவிடம் பேசி, முற்பணத்தை ஆறு மாதமாக, 1,50,000 ஆகக் குறைத்திருக்கிறார்கள். பாதி வாடகை கழிவது அப்படியே. வீட்டை விட்டால் மீதி முப்பது நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, ஹட்டனில் நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்தும் ஆகிவிட்டது. முதல் மாதப் பற்றுச்சீட்டை அந்தத் தாளோடு குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறாளாம்.