ஒரு 'ஹலோ'வுக்கு 15 விநாடி போதும்: வாய்ஸ் மெசேஜ் எப்போது கைகொடுக்கும்?

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் சீசன் அது. தோட்டத்தோடு இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர், காலையிலிருந்து பறிப்பு வேலையில் நிற்கிறார். சென்னையில் இருக்கும் ஒருவர் ரூம் கேட்டு அவருக்கு 'ஹாய்' என்று மட்டும் டைப் செய்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெரியாத நம்பர். என்ன விஷயம் என்றும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் போனை எடுப்பவர், பிசுபிசுப்பான விரலால் 'யாரு?' என்று கேட்கவே மதியமாகிவிடும்.

அதையே பேசி அனுப்பினால்?

"வணக்கம் அண்ணா, சென்னையிலேர்ந்து பேசறேன். வர்ற சனிக்கிழமை நாங்க ரெண்டு பேர் வர்றோம். ஒரு ராத்திரிக்கு ரூம் கிடைக்குமா? சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும்."

நிதானமாகப் பேசினாலும் 15 விநாடியைத் தாண்டாது. யார், எதற்கு, எப்போதைக்குள் என்ற மூன்றும் வந்துவிட்டன. குரலில் மரியாதையும் கேட்கிறது. அவரும் மைக்கை அழுத்தி, "இருக்கு, வாங்க தம்பி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கை வேலையாக இருப்பவர், டைப் செய்து பழகாதவர், முதன்முறை பேசுபவர் ஆகியோரிடம் குரல் ஜெயிப்பது இதனால்தான். போன் காலைப் போல, அந்த நொடியே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் நீளம் கூடினால் கதை மாறிவிடும். பிளே செய்வதற்கு முன்பே மெசேஜின் நீளம் திரையில் தெரியும். 0:14 என்றால் உடனே காதில் வைப்பார்கள். 2:40 என்றால் 'அப்புறம் கேட்டுக்கலாம்'தான். எழுத்தை ஒரு பார்வையில் மேயலாம், குரலை அப்படி மேய முடியாது. 2021-ல் வாட்ஸ்அப் 1.5x, 2x வேகத்தைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் பழக்கமில்லாத குரலை இரட்டை வேகத்தில் ஓடவிட்டால் தேதி எங்கே வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். எனவே முதல் வணக்கத்துக்கு 15 விநாடி, எவ்வளவு போனாலும் 30. தேதி, ஆட்கள் எண்ணிக்கை, தொகை ஆகியவற்றைக் கீழேயே ஒரு வரியில் டைப் செய்துவிட வேண்டும். பிறகு தேடி எடுக்கவும் அதுதான் உதவும்.

கேட்டார்களா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் இருக்கும் சின்ன மைக் படத்தைப் பாருங்கள். அவர் பிளே செய்ததும் அது நீலமாகும். ரொம்ப நேரம் சாம்பல் நிறத்திலேயே இருந்தால், இன்னொரு வாய்ஸ் அனுப்பக் கூடாது. அவர் மீட்டிங்கிலோ, ஹெட்போன் இல்லாமல் பஸ்ஸிலோ இருக்கலாம். அங்கே ஒரு வரி டெக்ஸ்ட்தான் மரியாதை.

மலைமேல் நின்று அனுப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வியூ பாயிண்டில் காற்று மைக்கில் மோதினால் வார்த்தைகள் காணாமல் போய்விடும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். உங்களுக்கே புரியவில்லை என்றால் டைப் செய்வதே மேல்.