சிக்கியது துப்பட்டாவா, இழுத்தது சக்கரமா?

நான் ஆய்வு செய்யும் ஹைதராபாத் வளாகத்தில் சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. மாணவியர்க்குத் துப்பட்டாவும் ஆசிரியைகளுக்குச் சேலையும் கட்டாயம். இருசக்கர வாகனத்தில் வருவோர் ‘ஆடை குறித்துக் கவனமாக இருக்க வேண்டும்’. இந்தக் கடைசி வரியோடுதான் எனக்கு வழக்கு.

கவனம் எதற்கு உதவும்? சிறிய சக்கர ஸ்கூட்டரின் டயர் சுற்றளவு ஏறத்தாழ 1.35 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு எட்டு முறை சுழலும். துப்பட்டாவின் நடுப்பகுதியை முன்கழுத்தில் படியவிட்டு, இரு முனைகளையும் முதுகுப்புறம் தொங்கவிடுவது நம்மிடையே பெருவழக்கு. அப்படித் தொங்கும் முனை ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். அது பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரக் குடத்தில் சுற்றிக்கொண்டாலும் அரை நொடிக்குள் முழுதும் உள்ளே போய்விடும். பிரேக்கைப் பிடிக்கவே அதைவிட நேரமாகும். 1927இல் நீஸ் நகரில் நடனமணி இசடோரா டங்கன் காரில் இறந்ததும் கழுத்துத் துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால்தான். ஆகவே செய்ய வேண்டியது எதுவாயினும் வண்டியைக் கிளப்புமுன் செய்தாக வேண்டும்.

கழுத்தைச் சுற்றி எந்தத் துணியும் கூடாது. முடிச்சு அறவே கூடாது. துப்பட்டாவைக் கழற்றி இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைப்பதே சிறந்தது. சேலையைக் கழற்ற இயலாது. முந்தானையை முதுகுவழியே வலப்பக்கம் கொணர்ந்து, இடுப்பைச் சுற்றி, முன்புறம் இடப்பக்கத்தில் செருகி ஊக்கும் குத்த வேண்டும். வெறும் செருகல் பட்டிலும் செயற்கை இழையிலும் மெல்ல நழுவும், நமக்குத் தெரியாது. அமர்ந்தபின் இருக்கையின் இருபுறமும் கையைக் கீழே விட்டுத் தடவுங்கள். துணி தட்டுப்பட்டால் இறங்கி மறுபடி கட்டுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 123ஆம் விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு வேண்டும் என்கிறது. யாருக்காக? பின்னிருக்கையில் அமர்பவரின் ஆடை சிக்காதிருக்க. சேலையுடன் வண்டியை ஓட்டுபவள் அந்த வாசகத்தில் இல்லை.

செய்தித்தாள் மொழியும் இதற்குச் சளைத்ததன்று. ‘சக்கரத்தில் துப்பட்டா சிக்கிப் பெண் பலி’ என்பதில் ‘சிக்கு’ தன்வினை, எழுவாய் துப்பட்டா, சக்கரம் வெறும் இடவேற்றுமை. ‘சக்கரம் துப்பட்டாவை இழுத்தது’ என்று எழுதப்பட்ட தலைப்பை நான் கண்டதில்லை. (மொழியியல் படித்தவளின் தொல்லை இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

துப்பட்டாவைப் பையில் வைத்து வரலாமே என்பீர்கள். வாயிற்காவலர் அது தோளில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை உள்ளே விடுகிறார். வாயிலிலிருந்து எங்கள் துறைக்கு இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரைத் துப்பட்டா பறக்க ஓட்டும்படி எங்களைப் பணிப்பது யார் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.