பில் போட்டாச்சு, அக்கா

வெள்ளவத்தை காலி வீதியில கூறைச் சாறி எடுக்கப் போனால் கவனியுங்கோ. 'பிடிச்சிருக்கா?' எண்டு கேக்க மாட்டினம். 'அரக்கா, மஞ்சளா?' எண்டுதான் கேள்வி. வேண்டாம் என்ற பதிலுக்கு அதில் இடமே இல்லை. நீங்கள் யோசிக்கும்போதே தம்பி பில் புத்தகத்தைத் திறந்துவிடுவார். மறித்துச் சொல்லும் கூச்சம் உங்கள் தலையில். அதற்கும் மசியாவிட்டால், 'கடைசிப் பீஸ் அக்கா, கொட்டாஞ்சேனையில ஒராள் கேட்டு வச்சிருக்கிறா.'

வாங்கத் தீர்மானித்தவருக்கு 'அரக்கா, மஞ்சளா' உதவிதான். தீர்மானிக்காதவருக்குப் பொறி. கடைசிப் பீஸ் கதை பொய்யென்றால் அதற்கு வியாபாரத் தந்திரம் எண்டு பேர் வைக்காதேங்கோ. ஆட்களை ஏய்க்கும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே தடுக்கிறது.

அதே சாறி அடுத்த கிழமை கண்ணாடிக்குள்ள தொங்கும். வாங்கினவ பஸ்ஸிலிருந்து பார்ப்பா. கல்யாண வீட்டில் தோழி, மாமி, சித்தி எண்டு இன்னும் பத்துச் சாறி மிச்சம். எல்லாம் பக்கத்துக் கடைக்குத்தான். ஒருத்தரும் வந்து சண்டை பிடிக்க மாட்டினம், அதால முதலாளிக்கு விளங்காது; அவரின் கணக்கில் அன்றைய விற்பனை மட்டும்தானே தெரியும்!

'வீட்டில கதைச்சிட்டு வாங்கோ, ஆறு மணி மட்டும் எடுத்து வைக்கிறன்' எண்டு சொல்லி, ஆறு மணி வரை உண்மையாகவே எடுத்து வைக்கிறதும் விற்பனையை முடிக்கும் வழிதான்.