சிலிண்டர் தகடு சொல்வதும் சொல்லாததும்

சமையல் எரிவாயு சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும் எண்ணை அதன் 'காலாவதி தேதி' என்று விளக்கும் வாட்ஸ்அப் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது சரி. அதற்குத் தரப்படும் விளக்கம்தான் தவறு. அது சிலிண்டரின் ஆயுள் முடியும் நாள் அன்று. அடுத்த கட்டாயச் சோதனைக்கான கெடு.

சிலிண்டரின் மேல் வளையத்தை உடலோடு இணைக்கும் செங்குத்துத் தகடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் இறுதி இரு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் வரை. பொதுவாகப் புதிய சிலிண்டருக்குப் பத்து ஆண்டுகளிலும், அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சோதனை நடக்கும். கெடு கடந்த சிலிண்டரில், சோதனை செய்யாமல் மீண்டும் எரிவாயு நிரப்பக் கூடாது என்பதே விதி.

காரைக்கால்மேட்டில் என் அண்டை வீட்டு அம்மையாருக்கு, கடந்த நவம்பரில் வந்த சிலிண்டரின் படத்தை வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மகன் எனக்கு அனுப்பினார். "சார், அம்மா இதை மாட்டலாமா?" என்பதே கேள்வி. தகட்டில் 'பி-25' என்று தெளிவாக இருந்தது. கெடு ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆனால், பழைய படம் ஒன்றையும் யாரும் அனுப்பிவிடலாம். வண்ணம் உதிர்ந்தால் 8 என்பது 6 போலத் தெரியலாம். ஆகவே, தகட்டில் பொறிக்கப்பட்ட வரிசை எண்ணும் தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில் இன்னொரு படம் கேட்டேன். இரண்டிலும் அதே சிலிண்டர்தான். முத்திரை உடைக்காமல் திருப்பித் தருமாறு கூறினேன். முகவர் மறுநாள் மாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் சிலிண்டரின் கெடு இடையில் முடிந்தால், அது அன்றே ஆபத்தானதாகிவிடாது. கசிவோ சேதமோ இல்லாவிட்டால் தீர்ந்ததும் திருப்பித் தரலாம். புதிதாக வருவதை மட்டும் கெடு பார்த்தே ஏற்க வேண்டும்.

படத்தில் தெரியும் மற்றொரு எண் காலி எடை. அதனுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் மொத்த எடை. மாற்றி வந்த சிலிண்டரில் 15.6 எனக் குறிக்கப்பட்டிருந்தது, ஆக 29.8 கிலோ இருக்க வேண்டும். விநியோக ஊழியரின் மின்னணுத் தராசு 29.7 காட்டியது. சட்டம் அனுமதிக்கும் வேறுபாடு 150 கிராம் என்பதால் அது முறையானதே. 28.8 எனக் காட்டியிருந்தால், வாங்கிய பொருளில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

காலி எடையை நாம் பணக் கணக்காக மட்டுமே பார்க்கிறோம். அது பாதுகாப்புக் கணக்கும்கூட. வீட்டு சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர், 14.2 கிலோ திரவம் அதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பும். மீதி இடம், வெப்பத்தில் திரவம் விரிவதற்காக. நிரப்பும் நிலையத்தில் காலி எடையைத் தவறாக ஒரு கிலோ கூடுதலாகக் கொண்டால், ஒரு கிலோ எரிவாயு கூடுதலாகப் புகும். அந்த இடைவெளி குறையும்.

இரண்டு எண்களும் சரியாக இருந்தாலும், படம் காட்டாதவை இருக்கின்றன. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் துரு முதலில் அடி வளையத்தைத் தின்கிறது; படங்களோ மேற்புறத்தை மட்டுமே காட்டுகின்றன. வால்வின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருப்பதும் படத்தில் தெரியாது. 2021 இறுதியில் இலங்கையில் நிகழ்ந்த தொடர் எரிவாயு விபத்துகளை ஆராய்ந்த குழு, கலவையில் புரொப்பேன் விகிதம் மாற்றப்பட்டதைக் காரணமாகச் சுட்டியது. அதை எந்தத் தகடும் சொல்லியிருக்காது.

எனவே, தகட்டுப் படம் 'ஏற்கலாமா, மறுக்கலாமா' என்ற கேள்விக்கே விடை தரும். 'மாட்டலாமா' என்பதற்கு, அடிப்பகுதியைக் கண்ணால் பார்ப்பதும், வளையம் இருக்கிறதா என அறிவதும், ரெகுலேட்டரைப் பொருத்தியபின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா எனக் காண்பதும் தேவை. குமிழி எழுந்தாலோ, வாடை வந்தாலோ ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, மின்விசை எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தொலைவிலிருக்கும் மகன் அம்மாவிடம் படம் கேட்பதோடு இதையும் செய்யச் சொல்வது நல்லது.